காய்ச்சலும் பாய்ச்சலும்: ஒரு முன்னோட்டத் திட்டத்தின் முடிவு நாள்

நேயர்களுக்கு வணக்கம். காவிரி டெல்டாவில் பம்புசெட் நீரை நம்பிக் குறுவை நடும் ஊர்களுக்காக நான் எழுதியுள்ள ஒரு முன்னோட்டத் திட்ட முன்மொழிவைப் பற்றி இன்று பேசுகிறேன். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை மாற்றி, நீர் மறைந்த பிறகு நீர் கட்டும் முறையை, அதாவது நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வதை, ஒரு துளையிட்ட குழாயின் துணையோடு செய்து பார்ப்பதே திட்டம். முறை புதிதன்று. ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு, 20 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கும்படி வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், மண்ணுக்கு அடியில் நீர் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, குழாயில் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போகும் வரை மோட்டாரைப் போடாமல் இருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட வேண்டும். பூக்கும் தருணத்தை ஒட்டிய இரண்டு வாரங்களில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

இதைச் செயல்விளக்கத் திடல்களில் காட்டியாயிற்று என்று வேளாண் துறை நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் செயல்விளக்கத் திடல் வேறு, முன்னோட்டத் திட்டம் வேறு. திடலுக்கு ஊரின் முன்னோடி விவசாயியைத் தேர்ந்தெடுக்கிறோம். அவரோ சொல்லாமலே களை எடுப்பவர், வரப்பை ஒழுகவிடாதவர். அதிகாரிகள் வாரம் ஒருமுறை வந்துபோகும் வயலில் கிடைத்த விளைச்சல், யாரும் எட்டிப் பார்க்காத ஆயிரம் வயல்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. ஆகவே இந்தத் திட்டத்தில் வயல்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். விருப்பம் தெரிவித்த 240 பம்புசெட் விவசாயிகளில் 120 பேருக்கு முதல் ஆண்டில் குழாய். மற்ற 120 பேர் வழக்கம்போல் பாசனம் செய்வார்கள். ஒரே விவசாயியின் நிலத்தை இரண்டாகப் பிரித்து ஒப்பிடலாமே என்று கேட்டார்கள். நீர் நிற்கும் பாதியிலிருந்து வரப்பு வழியாகக் காயும் பாதிக்கு நீர் கசியும் என்பதாலும், ஒரே மோட்டாரின் ஓட்டத்தை இரண்டு பாதிக்கும் பங்கிட்டு அளக்க இயலாது என்பதாலும் அதை விட்டுவிட்டேன்.

240 என்ற எண்ணைக் கேட்டதும், 60 போதாதா என்று வியந்தவர்கள் உண்டு. அக்கம்பக்கத்து வயல்களுக்குள்ளேயே விளைச்சல் 15 விழுக்காடு அளவுக்கு முன்பின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழாய் உள்ள பக்கம், இல்லாத பக்கம் என்று பக்கத்துக்கு 30 வயல் மட்டும் எடுத்தால், இரு பக்கமும் சரிசமமான சராசரி வந்தாலும்கூட, உண்மையில் 6 விழுக்காடு இழப்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அந்தக் கணக்கால் நீக்க முடியாது. பக்கத்துக்கு 120 என்று வைத்தால் அந்த ஐயம் 3 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிடும். ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தால் அந்த முறையைத் தொடப்போவதில்லை என்று சொல்லும் விவசாயியிடம் போவதற்கு இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி வெற்றி என்று எதைச் சொல்வது? முதல் நடவுக்கு முன்பே எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டிய அளவுகோல்கள் மூன்று. முதலாவது விளைச்சல். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் அறுவடை செய்து எடை பார்க்கும் வழக்கமான பயிர் அறுவடைச் சோதனையில், குழாய் வயல்களின் இழப்பு 5 விழுக்காட்டை எட்டாது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். இரண்டாவது மோட்டார் ஓடிய நேரம். மோட்டாரோடு இணைத்த நேரங்காட்டிக் கருவியின்படி, ஏக்கருக்கான ஓட்டம் குறைந்தது 20 விழுக்காடு சரிய வேண்டும். இதை நிலத்தடி நீர்ச் சேமிப்பு என்று எழுத நான் மறுத்தேன். வயலில் கசிந்து இறங்கும் நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடிக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே இந்தத் திட்டம் உறுதியாக அளக்கக்கூடியது மின்சாரத்தைத்தான்.

மூன்றாவது அளவுகோலில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டார்களுக்கு மின்கட்டணம் இல்லை. மோட்டாரை நிறுத்துவதால் விவசாயியின் சட்டைப்பைக்கு ஒரு ரூபாயும் வராது. களை மட்டும் கூடுதலாக முளைக்கும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் போட்டுவைப்போம், நாளைக்கு வருமோ வராதோ என்று நினைப்பதும் நியாயமே. எனவே இரண்டாம் ஆண்டுக் குறுவையில் நம் ஆட்கள் விலகிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டிலும் தனி ஊழியர் கிடையாது. பல ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் உதவி வேளாண்மை அலுவலரே போதும், ஏனெனில் திட்டம் விரிந்தால் அவர்தான் இருப்பார். இரண்டாம் ஆண்டில் 120 பேரில் 60 பேராவது தாமாகவே முறையைத் தொடர வேண்டும். வயலில் குழாய் நட்டிருப்பது சான்றாகாது. நட்ட குழாய் அறுவடை வரை அப்படியே நிற்கும். முன்னறிவிப்பின்றி நான்கு முறை போய்ப் பார்க்கும்போது, நான்கு முறையும் வயலில் நீர் தேங்கி நின்றால் அவர் தொடரவில்லை என்றே எண்ண வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவின் கனமான களிமண் காய்ந்தால் வெடிக்கும். உழவு ஆழத்துக்குக் கீழே இறுகி நீரைத் தாங்கி நிற்கும் உழவடிப் படலத்தை வெடிப்பு கடந்துவிட்டால், அடுத்த பாய்ச்சலில் நீர் அந்த வழியாகவே இறங்கிப் போய், மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். ஒரு ஊரில் மோட்டார் நேரம் குறையாதபோது, விவசாயி சொல்வதைக் கேட்கவில்லை என்று முடிவுகட்டாமல், வெடிப்பில் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்தகைய மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் என்ற எல்லையையே 10 ஆக்க வேண்டியிருக்கலாம்.

முடிவெடுக்கும் நாள் இரண்டாம் ஆண்டின் நவம்பர் 15. குறுவை அறுவடை முடிந்து எடைக் கணக்கு கைக்கு வர அக்டோபர் இறுதியாகும். அதற்குப் பிறகு தள்ளிப்போட்டால் பிப்ரவரி, மார்ச்சில் வரும் நிதிநிலை அறிக்கைக்குள் கோரிக்கை போய்ச் சேராது, ஜூன் நடவுக்குக் குழாயும் வராது. அன்று மூன்றில் ஒரு முடிவுதான். மூன்று அளவுகோலும் நிறைவேறினால், பம்புசெட் குறுவை ஊர்களுக்கு மட்டும் விரிவு. வாய்க்கால் முறைப்பாசன ஊர்களில் தண்ணீர் வரும் நாளை விவசாயி தீர்மானிப்பதில்லை என்பதால், அங்கே இந்த முடிவு செல்லாது. விளைச்சல் அளவுகோல் தவறினால் நிறுத்தம். மின்சாரம் மிச்சமானாலும் நிறுத்தம்தான். விளைச்சல் நிலைத்து, மற்ற இரண்டில் ஒன்று மட்டும் தவறியிருந்தால், காரணத்தை ஒரே வரியில் எழுத முடிந்தால் மட்டும், இன்னும் ஒரு குறுவை, ஒருமுறை மட்டும். இரண்டும் தவறினால் அதுவும் நிறுத்தமே. முடிவு சொல்லும் ஐவரில் திட்டத்தை நடத்தியவர்களுக்கு ஓர் இடம்தான். இரண்டு இடம் குழாய் கிடைக்காத 120 பேரிலிருந்து வரும் விவசாயிகளுக்கு. சீட்டில் குழாய் விழாதவர்கள்தாம் அக்கம்பக்கத்து வயலை இரண்டு குறுவையும் வரப்பில் நின்று பார்த்திருப்பார்கள்.