ஆறிய சோற்றில் மூன்று கிராம்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தமது மருத்துவமனைப் பணிக்கு இடையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, மாணவர் விடுதியின் காப்பாளர் அவர்களே, விடுதிச் சமையற்கூடத்திலிருந்து நேரே இங்கு வந்திருக்கும் சமையல் பணியாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சமையல் பணியாளர்களைக் கடைசியில் அழைத்தாலும், இன்று நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி அவர்களுக்கானது. அவர்களை முன்வரிசைக்கு வரச்சொன்ன தலைவரின் பண்புக்குத் தனியாக நன்றி சொல்ல விரும்புகிறேன்.

'ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி உண்டு. அவசரக்காரர்களைக் கடிந்துகொள்ளச் சொல்வது அது. நான் அதை இன்று சோற்றுக்கே பொருத்திச் சொல்லப் போகிறேன். ஆறும்போது சோற்றுக்குள் என்ன நடக்கிறது, அது குடலில் என்ன செய்கிறது, உருளைக்கிழங்குக்கும் அது பொருந்துமா, நம் விடுதியில் அதை எப்படிச் செய்வது என்று நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன்.

அரிசியில் உள்ள மாவுச்சத்து இரண்டு வகை. நீண்ட, கிளையற்ற சங்கிலியாக இருப்பது அமைலோஸ். புதர்போலக் கிளைத்திருப்பது அமைலோபெக்டின். பச்சை அரிசிமணியில் இவை இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உலையில் கொதிக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்து அந்த அடுக்கைக் குலைத்துவிடுகிறது. குலைந்த சங்கிலிகளை நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் நொதி எளிதாக வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. சோறு ஆறும்போது இந்தச் சங்கிலிகள், அறுவடைக் களத்தில் தாளைச் சேர்த்துக் கட்டுவதுபோல, ஒன்றோடொன்று நெருங்கி மீண்டும் கட்டாகச் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த கட்டுக்குள் நொதி நுழைய முடியாது. நொதிக்கு அகப்படாமல் சிறுகுடலைக் கடந்துவிடும் இந்தப் பகுதியைத்தான் செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து என்கிறோம். பிரிட்டனில் ஹான்ஸ் எங்ளிஸ்ட் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1982-இல் இதற்குப் பெயரிட்டார்கள்.

இதைக் கண்ணாலும் விரலாலும் அறியலாம். வடித்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அசையாமல் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் மேலே ஆடை படிந்து கூழ்போல இறுகிவிடும். சோற்றிலிருந்து கரைந்து வந்த அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றுசேர்வதால் வரும் இறுக்கம் அது. இரவு வைத்த சோற்றை விடியலில் எடுத்தால், பருக்கை விறைத்து, விரலில் நசுக்கினால் குழையாமல் உடைகிறது. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே கட்டிவிடும். அமைலோபெக்டின் நாட்கணக்கில் மெல்லச் சேரும். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி வெப்பநிலை இந்தச் சேர்க்கையை வேகப்படுத்துகிறது.

மறுபடி சூடாக்கினால் எல்லாம் போய்விடாதா என்று கேட்பீர்கள். ஒரு பகுதி போகும். அமைலோபெக்டின் கட்டுகள் சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன. அதனால்தான் சூடாக்கிய பழைய சோறு மீண்டும் மென்மையாகிறது. ஆனால் அமைலோஸ் கட்டு அவிழ 100 டிகிரிக்கு வெகு மேலே செல்ல வேண்டும். நம் அடுப்பில் சூடுகாட்டும் சோறு அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. இந்தோனேசியாவில் சோற்றைக் கொண்டே இதை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். அப்போதே வடித்த வெள்ளைச் சோற்றில் செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியதில் 1.30 கிராம், 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் பின் சூடாக்கியதில் 1.65 கிராம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்தால் கிடைக்கும் லாபம் அவ்வளவு.

அந்த லாபத்தின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் உண்டு. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரைநோய்க்கு மாத்திரை எடுப்பவர். பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுத்த பழக்கத்தாலோ என்னவோ, எதையும் கணக்கெழுதி வைப்பார். அண்ணியார் தட்டில் வைக்கும் சோற்றைத் தராசில் நிறுத்து, தினம் 300 கிராமுக்கு மேல் போகாமல் உண்டுவந்தார். அவருக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: ஆறிய சோற்றில் சர்க்கரை ஏறாது, வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று. மறுநாள் முதல் அண்ணியார் இரவுச் சோற்றை எடுத்து வைக்க, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்து இரண்டு தட்டு உண்டார். "இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தாம்மா வயிறாரச் சாப்பிட்டேன்" என்று அண்ணியாரிடம் சொன்னாராம். பொதுக் கிணற்றடியில் நின்றவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினார். இன்னும் இரண்டு பேர் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. அண்ணன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "தம்பி, சயின்ஸ் பொய்யா, மெஷின் பொய்யா?" என்று கேட்டார்.

இரண்டும் பொய்யில்லை என்று அவர் நோட்டிலேயே கணக்குப் போட்டோம். 300 கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 84 கிராம். சூடான சோற்றில் செரிக்காத பகுதி 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குளிர்வித்துச் சூடாக்கியதில் 5 கிராமுக்கு அருகே. ஆக, ஆற வைத்ததால் கிடைத்தது 3 கிராம். இரண்டாவது தட்டால் சேர்ந்தது இன்னொரு 84 கிராம். அண்ணன் அந்த இரண்டு எண்களையும் அடிக்கோடிட்டுக்கொண்டு போய், கிணற்றடியில் முன்பு சொன்னவர்களிடம் மறுபடி சொல்லிவிட்டு வந்தார். அந்த நேர்மை எல்லோருக்கும் வருவதில்லை.

இந்தோனேசிய ஆய்வில் நலமான 15 பேருக்கு, குளிர்வித்துச் சூடாக்கிய சோறு உண்டபின் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. அது ஒரே அளவுச் சோற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில் கிடைத்த முடிவு. சர்க்கரைநோயாளிகள் அளவைக் கூட்டுவதற்கு அதில் இடமில்லை. மருந்தை மாற்றுவதானால் முன்வரிசையில் இருக்கும் மருத்துவர் அம்மாவைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் அந்த 3 கிராம் எதற்கு? பெருங்குடலுக்கு. அங்கே வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றால் இந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. ரூமினோகாக்கஸ் புரோமி என்ற ஒன்று அதில் கைதேர்ந்தது. அது கட்டைப் பிரித்துச் சிந்துவதை மற்றவை உண்டு அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள்; உடலின் மற்ற செல்கள் இரத்தத்திலிருந்து உணவு பெற, இவை குடலின் உள்ளிருந்தே பெறுகின்றன.

இதிலும் மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரவெட் ஆய்வு நிலையத்தார் உடல் எடை மிகுந்த 14 ஆண்களுக்கு, இதே ஆறிய வகை மாவுச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் குடலில் அது முழுமையாக நொதித்துவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் பாதிக்கு மேல் அப்படியே வெளியேறியது. அவர்களிடம் ரூமினோகாக்கஸ் புரோமி மிகக் குறைவாக இருந்தது. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் அப்படியே ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் திடீரென்று நிறைய உண்டால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

உருளைக்கிழங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் போதாது. அதிலும் இதே விதிதான்; வேகவைத்து ஆறவைத்த கிழங்கை வில்லை வில்லையாக உதிராமல் நறுக்க முடிகிறதே, அதற்கும் இந்தக் கட்டு துணை செய்கிறது. எனக்கு விடுதியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நம் விடுதிகளில் வாரம் இரண்டு நாளாவது காலையில் பழைய சோறு கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். புழுங்கல் அரிசியாக இருந்தால் இன்னும் நல்லது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தும்போதே ஒருமுறை இந்தக் கட்டு விழுந்துவிடுகிறது. ஆனால் விடுதியின் இன்றைய ஏற்பாட்டில் அதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே குரலில் சொல்கிறேன். காரணம் அண்டா. அண்டா நிறைய வடித்து மூடி வைத்தால், மேலே ஆறியிருக்கும். நடுவில் கைவிட்டால் நள்ளிரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அவற்றுள் வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஊசிப்போன சோறு நூல்விட்டு நாற்றம் காட்டும். இந்த நஞ்சு எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கக்கூடும்.

எனவே ஆறப் பொறுப்பது என்றால் அண்டாவை மூடிவிட்டுப் போய்ப் படுப்பதென்று பொருளில்லை. வடித்த சோற்றை அகன்ற தாம்பாளங்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைக்க வேண்டும். 60 டிகிரியிலிருந்து சுமார் 20 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்குவதே பாதுகாப்பு. நம் ஊர்க் காற்றே இரவில் 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் விசிறி மட்டும் போதாது. ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். தண்ணீர் ஊற்றி வைக்கும் வீட்டு முறையில், இரவில் உண்டாகும் புளிப்பு இந்தப் பாக்டீரியாவை ஓரளவு அடக்குகிறது. அது, முதலில் சோற்றை நன்றாக ஆறவிட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றி, காலையிலேயே உண்டு முடிக்கும் சிறு பானைக்குப் பொருந்தும். நூறு பிள்ளைகளுக்கான அண்டாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காப்பாளர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: தாம்பாளங்கள், ஆறவைக்க ஒரு கம்பி அடுக்கு, ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டி, சோற்றின் நடுவில் குத்திப் பார்க்க ஒரு வெப்பமானி. இவை வரும்வரை காலையில் சூடான உணவையே கொடுங்கள். வந்த பின், முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி மட்டும் வைத்து, சுண்டலோ பயறோ கூடவே கொடுத்துத் தொடங்குங்கள். கேட்டு எழுதிய மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. உடன்படுபவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.