படுத்தால் விடும் தலைவலி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வேலூரில் நரம்பியல் மருத்துவராக இருக்கிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், வயது 41. ஒருநாள் காலை குடத்தைத் தூக்கி நிமிர்ந்தபோது பின்கழுத்தில் சுருக்கென்று ஒரு வலி. அன்றிலிருந்து தலைவலி. சைனஸ் என்று மாத்திரை சாப்பிட்டார், கண்ணாடி மாற்றினார், தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார், நார்மல் என்று வந்தது. என் முன்னால் உட்கார்ந்தவர் பாதிப் பேச்சில், "சார், கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பரிசோதனைக் கட்டிலில் படுத்து ஐந்து நிமிடம் இருக்கும், முகம் தெளிந்துவிட்டது. எழுப்பி உட்கார வைத்தேன், கால் மணி நேரத்துக்குள் வலி பழையபடி வந்து நின்றது. கூடவே காதில் தண்ணீர் புகுந்தது போல அடைப்பு.

ஒற்றைத் தலைவலிக்காரரும் படுக்கத்தான் விரும்புவார். ஆனால் அவருக்கு இருட்டறை வேண்டும், தூக்கம் வேண்டும், வலி அடங்க மணிக்கணக்காகும். இந்த அம்மாவுக்கு விளக்கு எரிந்தாலும் தலை கிடையாகக் கிடந்தால் போதும். மூளையில் அழுத்தம் கூடினால் நேர்மாறாக இருக்கும்: படுத்தால் அதிகமாகும், விடியற்காலையில் எழுப்பிவிடும்.

நம் மூளை ஒருவகை நீரில் மிதக்கிறது. தலைக்குள்ளும் முதுகுத்தண்டைச் சுற்றியும் சேர்த்து அந்த நீர் சுமார் 150 மில்லி. வெளியே எடுத்து வைத்தால் 1,400 கிராம் இருக்கும் மூளை, அந்த நீரில் மிதக்கும்போது வெறும் 50 கிராம் போலத்தான் கனக்கும். முதுகில் அந்த நீரைத் தாங்கும் உறையில் எங்கோ ஓட்டை விழுந்து நீர் கசிந்தால், நிற்கும்போது மூளை கீழே தொய்ந்து, மேலே உள்ள வலியுணரும் உறைகளை இழுக்கும். படுத்தால் அந்த இழுப்பு இல்லை.

முதுகில் ஊசி போட்ட பிறகு இப்படி வலி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அம்மாவும், "சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசிதான் சார்" என்றார். அது நடந்து பதினாறு வருடம். அந்த ஊசியால் வரும் வலி சில நாட்களுக்குள் தொடங்கிவிடும். பதினாறு வருடம் காத்திருந்து வராது. இவருக்கு ஊசி இல்லாமல் தானாகவே ஓட்டை விழுந்திருக்கிறது. முதுகெலும்பு வட்டில் கூர்மையாக வளர்ந்த சுண்ணாம்பு முள் உறையைக் கீறலாம். நரம்பு வெளிவரும் இடத்தில் உறை மெலிந்து கிழியலாம். சிலருக்கு நீர் நேராகப் பக்கத்து ரத்தக் குழாயிலேயே போய்ச் சேரும். இந்த மூன்றாவது வகையை மருத்துவ உலகம் கண்டுகொண்டதே 2014-இல்தான்.

இனி ஸ்கேன். சாதாரண சி.டி.யில் இது பெரும்பாலும் தெரியாது. கைநரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நீர் குறைந்த இடத்தை நிரப்ப ரத்தக் குழாய்கள் விரிவதால் மூளையின் வெளியுறை வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். பிட்யூட்டரி சுரப்பி உப்பியிருக்கும், மூளை கீழிறங்கியிருக்கும். இந்த அம்மாவுக்கு மூன்றும் இருந்தன. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த ஸ்கேனும் நார்மலாகவே இருக்கும். முதுகில் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தாலும் பலருக்குச் சரியாகவே காட்டும். ஆகவே அளவு சரி என்று சொல்லி வியாதி இல்லை என்று விடக் கூடாது.

இதில் எனக்குப் பயம் தருவது வேறொன்று. மூளைக்கு மேல் இரண்டு பக்கமும் நீரோ ரத்தமோ தேங்கி, அதைப் பார்த்ததும் மண்டையில் துளை போட்டு வடிக்கச் சொல்வார்கள். கீழே கசிவு அப்படியே இருக்கும்போது மேலே வடித்தால் மறுபடி தேங்கும், சிலருக்கு நிலைமை மோசமாகும். அடிபடாத நடுவயதுக்காரருக்கு இரண்டு பக்கமும் தேக்கம் என்றால், படுத்தால் வலி எப்படி இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அதுவும் தொடக்க நாட்களில் எப்படி இருந்தது என்று. மாதங்கள் போகப் போக நிற்பது, படுப்பது என்ற வித்தியாசம் மங்கி, சாயங்காலம் மட்டும் வலிக்கிறது என்பார்கள்.

அந்த அம்மாவின் முதுகு எம்.ஆர்.ஐ.யில் உறைக்கு வெளியே நீர் படர்ந்திருந்தது. படுக்கை ஓய்வும் காபியும் பலன் தரவில்லை. அவர் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் உறைக்கு வெளியே செலுத்தினோம். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். ஒரே முறையில் எல்லோருக்கும் சரியாவதில்லை, திரும்பச் செய்ய வேண்டி வரலாம். அப்போதும் நிற்காவிட்டால் சாயம் செலுத்தி ஸ்கேன் எடுத்து ஓட்டை இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் தேட வேண்டும்.

சில வாரம் குனியாமல், குடம் தூக்காமல் இருக்கச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் போன் வந்தது: "சார், இப்ப படுத்தாதான் வலிக்குது, எழுந்து உட்கார்ந்தா தேவலை." கசிவு அடைபட்டதும் உள்ளே அழுத்தம் சில நாள் கூடுவதால் வருவது அது. தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.