மூடிய பள்ளியின் பதிவேடு எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "படிச்ச பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க சார், சர்டிபிகேட்டுக்கு யார்கிட்டப் போறது?" என்று கேட்டு வருகிறவர்களை அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. மதிப்பெண் சான்றிதழை வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். தேர்வெண்ணும், எழுதிய மாதமும் ஆண்டும் தெரிந்தால் இரண்டாம் படிக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்கும் அதே கணக்குதான், பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஐந்தாவதோ எட்டாவதோ படித்துவிட்டு நின்றவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் படித்ததற்குப் பள்ளியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். துபாயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும். வீட்டில் பிறந்தவர், பிறப்புப் பதிவு இல்லை. கிராமத்து உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்கள், கட்டடத்தில் இப்போது உரக்கடை. தாளாளரின் மகனிடம் கேட்டால், "எல்லாம் அப்பா காலத்துலயே போயிடுச்சு" என்றாராம்.

போயிருக்காது. வருகைப் பதிவேட்டைச் சில ஆண்டுகள் கழித்து அழிக்கலாம். ஆனால் சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். மூடும்போது அதைக் கல்வித் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் அது வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ பக்கத்து ஒன்றியப் பள்ளியின் பீரோவிலோ இருக்கும். மெட்ரிக் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேட்க வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்டால் "இங்க இல்லைம்மா" என்ற பதிலோடு முடிந்துவிடும். அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதச் சொன்னேன். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவுதான். "இன்ன பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு யாரிடம் உள்ளது, என் பதிவுள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்று கேட்டால் போதும். தவறான அலுவலகத்துக்கே எழுதியிருந்தாலும், 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

பதிவேடு ஒன்றியப் பள்ளியில் இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் பெயர் அதில் இல்லை! 1971இல் பிறந்தவர் என்பதால் 1976, 77 பக்கங்களைப் பார்த்தார்கள். கடைசியில் தகப்பனார் பெயரை வைத்துத் தேடியபோது கிடைத்தார். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, வாத்தியார் எழுதிக்கொண்ட பெயர் வேறு. சேர்க்கை எண் மறந்திருந்தால் அண்ணன் தம்பியின் பழைய சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் சேர்ந்திருந்தால் எண் அடுத்தடுத்து இருக்கலாம்.

அப்புறம் பிறந்த தேதி. பதிவேட்டில் ஜூன் மாதம், ஆதாரில் ஜனவரி முதல் தேதி. பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று அந்தக் கால வாத்தியார்கள் போட்ட ஜூன்கள் நம் ஊரில் ஏராளம். பதிவேட்டில் உள்ளபடிதான் நகல் தருவார்கள், நாம் கேட்கிற தேதியைப் போட்டுத் தரமாட்டார்கள். ஆகவே அந்த அம்மா நகலை வாங்கி, அதை வைத்து ஆதாரைத் திருத்தி, அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். வரிசையை மாற்றினால் இரண்டு தேதிக்கும் இடையில் அலைய வேண்டியதுதான்.

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதில்லை. மூடிய பள்ளியிலிருந்து வேறு பள்ளிக்கு மாறினவரா? அப்படியானால் பழைய பள்ளி கொடுத்த பதிவுத்தாளையோ மாற்றுச் சான்றிதழையோ புதிய பள்ளியில்தான் கொடுத்திருப்பீர்கள். அது அங்கே கோப்பில் இருக்கலாம். தாளே போயிருந்தாலும் புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டத்தில் விவரம் இருக்கும்.

கறையான் அரித்து எதுவுமே மிஞ்சவில்லை என்றால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்யக் கோட்டாட்சியரிடம் போகும்போது அந்தக் கடிதத்தையும் மனுவோடு வைக்கலாம். பழைய பள்ளியின் முத்திரையோடு டிசி வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள். மூடிய பள்ளிக்குச் சான்றிதழ் கொடுக்கும் தலைமையாசிரியர் கிடையாது. உண்மைத்தன்மை சரிபார்க்கும்போது அலுவலகத்தில் பதிவேட்டைத்தான் திறப்பார்கள், அந்தச் சேர்க்கை எண்ணில் வேறு யாருடைய பெயராவது இருக்கும்.