ஃபாலோ நிறைய, அறிவிப்பு கம்மி: புது ஆல்பம் தவறாம வந்து சேர வழி

வணக்கம் மக்களே. பிடிச்ச பாடகரோட புது ஆல்பம் வந்து ஒரு வாரம் கழிச்சுதான் நமக்குத் தெரியுது. ஆனா போன்ல மட்டும் பாட்டு அறிவிப்பு நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கு. இந்த ரெண்டையும் எப்படிச் சரி பண்றதுன்னு ஸ்பாட்டிஃபையை வச்சே பாத்துருவோம்.

மொதல்ல ஃபாலோ. ஒருத்தரோட பாட்டை லைக் பண்றதும் அவரை ஃபாலோ பண்றதும் வேற வேற. அவரோட பக்கத்துக்குப் போய் "Follow" அழுத்தினாதான் கணக்கு. ஒரே பேர்ல ரெண்டு மூணு கலைஞர்கள் இருப்பாங்க, அதனால தேடல்ல பேரை அடிச்சுப் போகாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச அவரோட பாட்டு ஒண்ணைத் திறந்து, அதுல இருக்கிற பேரைத் தொட்டுப் போங்க. சரியான ஆள்கிட்ட போய்ச் சேருவீங்க.

ஃபாலோ பண்ணினவங்களோட புது வெளியீடு ரெண்டு இடத்துல வரும். ஒண்ணு "Release Radar"ங்கிற பிளேலிஸ்ட். இது வெள்ளிக்கிழமைதோறும் மாறும். 2015 ஜூலை 10-லேர்ந்து உலகம் முழுக்க ஆல்பம் வெளியிடுற நாளா வெள்ளிக்கிழமையை வச்சிருக்கிறதால அந்த நாள். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. நீங்க ஃபாலோ பண்ணாதவங்களோட பாட்டும் அதுல கலந்து வரும், அடுத்த வெள்ளி வந்தா பழைய பட்டியல் போயிரும். எதையும் தவறவிடாம பாக்கணும்னா இன்னொரு இடம்தான் சரி: மேல உங்க புரொஃபைல் படத்தைத் தொட்டா "What's new"ன்னு இருக்கும். நீங்க ஃபாலோ பண்றவங்க வெளியிட்டது அங்க வரிசையா நிக்கும்.

இப்போ அறிவிப்பு. அதே புரொஃபைல் படம், "Settings and privacy", அதுல "Notifications". ஒவ்வொரு வகைக்கும் புஷ், இமெயில்னு தனித்தனியா இருக்கும். பரிந்துரை, பிளேலிஸ்ட் மாதிரி வகைகளை ரெண்டுலயும் அணைச்சுருங்க. புது இசைக்கான வகையை மட்டும் யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஒரு ஆல்பத்துக்கு முன்னாடி மூணு நாலு சிங்கிள் தனித்தனியா வர்றது இப்போ வழக்கம். இருநூறு பேரை ஃபாலோ பண்ணினா எத்தனை தடவை போன் அடிக்கும்னு பாத்துக்கங்க. அவ்வளவு பேர்னா அதையும் அணைச்சுட்டு, வெள்ளிக்கிழமை ஒரு தடவை "What's new" பாருங்க. இருபது பேருக்குள்ளன்னா அப்படியே விட்டு வைக்கலாம்.

காத்துக்கிட்டே இருக்கிற அந்த ரெண்டு மூணு ஆல்பத்துக்குத்தான் ப்ரீ-சேவ், அதாவது வெளியாகிறதுக்கு முன்னாடியே சேமிக்கச் சொல்லி வைக்கிறது. இதுல ரெண்டு வகை இருக்கு. சில ஆல்பத்துக்கு ஆப்புக்குள்ளயே கவுண்ட்டவுன் ஓடுற பக்கம் இருக்கும், "Pre-save" பட்டனும் இருக்கும். அழுத்தினா போதும், வெளியாகிற அன்னிக்கு ஆல்பம் உங்க லைப்ரரியில இருக்கும். இது இருந்தா வேற எதுக்கும் போகாதீங்க.

இல்லாதப்போ கலைஞர்கள் வெளித்தளத்து லிங்க் போடுவாங்க. அங்கதான் நிதானம் வேணும். லாகின் பண்ணினதும் ஒரு அனுமதித் திரை வரும், அவசரத்துல எல்லாரும் கீழ இருக்கிற பச்சை பட்டனை அழுத்திருவாங்க. ஒரு நிமிஷம் படிங்க. ஆல்பத்தைச் சேமிக்க லைப்ரரியில சேர்க்கிற, நீக்குற அனுமதி போதும். அதுக்கு மேல உங்க இமெயிலைப் பாக்கணும், நீங்க யாரை ஃபாலோ பண்றீங்கங்கிறதை மாத்தணும், பிளேலிஸ்டைத் திருத்தணும்னு கேட்டா, அது ப்ரீ-சேவுக்குத் தேவையே இல்லாதது. "யாருன்னே தெரியாதவங்க அறிவிப்பு எனக்கு ஏன் வருது?"ன்னு கேக்கிறீங்கள்ல, காரணம் பெரும்பாலும் அந்த ஃபாலோ அனுமதிதான். விளம்பர மெயில் வர்றது இமெயில் அனுமதியால.

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாம். பிரவுசர்ல இதைத் திறங்க:

```
spotify.com/account/apps
```

தளத்தோட பேருக்குப் பக்கத்துல "Remove access" இருக்கும். ஆனா ஆல்பம் வந்து லைப்ரரியில விழுந்த பிறகுதான் அதை அழுத்தணும். ப்ரீ-சேவ்ங்கிறது இப்போதைக்கு ஒரு குறிப்புதான். வெளியாகிற அன்னிக்கு அந்தத் தளம் உங்க அனுமதியைப் பயன்படுத்திச் சேமிக்குது. முன்னாடியே அனுமதியை எடுத்துட்டா எந்த எச்சரிக்கையும் இல்லாம ஆல்பம் வராமப் போயிரும்.

இன்னொண்ணு. அனுமதியை எடுத்தாலும், அந்தத் தளம் ஏற்கனவே போட்டு வச்ச ஃபாலோ அப்படியேதான் இருக்கும். "Your Library"ல "Artists" வடிகட்டியைத் தொட்டுப் பட்டியலைப் பாருங்க. தெரியாத பேர் இருந்தா அந்தப் பக்கத்துக்குப் போய் "Following"ஐ ஒரு தடவை தொட்டா நீங்கிரும். எந்தெந்த லிங்க்ல அனுமதி கொடுத்தீங்கன்னு மறந்திருந்தாலும் பரவால்ல, அந்த அக்கவுண்ட் பக்கத்துல எல்லாமே பட்டியலா இருக்கு. இப்பவே ஒரு தடவை திறந்து பாத்துட்டு, எத்தனை இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.