ஃபஅஸ்கைனாகுமூஹு: எங்கே வெட்டுவது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் உஸ்தாத். சூரா அல்ஹிஜ்ர் 22-ஆவது வசனத்துல 'ஃபஅஸ்கைனாகுமூஹு'ன்னு ஒரே வார்த்தையா வருது. சொல்லுக்குச் சொல் தர்ஜுமாவுல அதுக்குக் கீழ ஒரு வாக்கியமே போட்டிருக்காங்க. இதை எப்படிப் பிரிக்கிறது?

வஅலைக்குமுஸ் ஸலாம். முதல்ல வசனத்தை முழுசா ஓதிப் பார்த்துடுவோம். "வஅர்ஸல்னர் ரியாஹ லவாகிஹ ஃபஅன்ஸல்னா மினஸ் ஸமாஇ மாஅன் ஃபஅஸ்கைனாகுமூஹு வமா அன்தும் லஹு பிகாஸினீன்." கருவுறச் செய்யும் காற்றுகளை அனுப்பினோம், வானத்திலிருந்து தண்ணீரை இறக்கினோம், அதை உங்களுக்குப் புகட்டினோம், நீங்க அதைச் சேமிச்சு வைக்கிறவங்க இல்லை. இதுல 'னா' சேர்ந்த வினைச்சொல் மூணு இருக்கு. நீங்க கேட்டது மூணாவது. முதல் ரெண்டையும் பிரிச்சா அது தானா அவிழ்ந்துடும்.

'வஅர்ஸல்னா'. முன்னாடி இருக்கிற 'வ' நம்ம 'உம்' மாதிரி, 'மேலும்'னு வச்சுக்கலாம். நமக்கு 'உம்' சொல்லோட வால்ல ஒட்டும், அரபியில தலையில ஒட்டும். அதை எடுத்தா 'அர்ஸல்னா'. இதுல 'அர்ஸல' வினை, 'னா' நாம். தமிழ்லயும் இது இருக்கே! 'அனுப்பினோம்'னு சொன்னா 'நாம்'னு தனியாச் சொல்ல வேண்டாம், 'ஓம்' போதும். அந்த 'ஓம்' வேலையைத்தான் 'னா' செய்யுது. 'ஃபஅன்ஸல்னா'வும் அப்படியே: ஃப, அன்ஸல், னா. 'வ' வெறுமனே சேர்க்கும். 'ஃப' இங்கே 'அதன் பிறகு, அதனால'ன்னு வரிசையையும் காட்டும்.

கண்ணு ஏமாறுற இடம் ஒண்ணு. வாவ் எழுத்து தனக்கு அடுத்த எழுத்தோட கோடு சேராது. அதனால 'வ' தள்ளி நிக்கிற மாதிரி தெரியும், 'ஃப' கூட்டெழுத்தா ஒட்டித் தெரியும். இலக்கணத்துல ரெண்டும் ஒண்ணுதான், அடுத்த சொல்லுக்கு முன்னொட்டு. எழுத்துல தெரியிற இடைவெளியை வச்சு வெட்டாதீங்க. இன்னொண்ணு, தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டும் வெட்டாதீங்க. 'அஸ்கைனாகும்'ல முதல் 'க' காஃபுல பெரிய காஃப், வினையோட வேர் எழுத்து. ரெண்டாவது சின்ன காஃப், 'உங்களுக்கு'ங்கிற 'கும்'மோட எழுத்து. தமிழ்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் விழும். முஸ்ஹஃபைத் திறந்து வச்சுக்கிட்டே செய்யுங்க.

இப்ப உங்க சொல். தலையிலிருந்து 'ஃப'வை எடுங்க. அடுத்து வர்ற 'அ' கேள்வி 'அ' இல்லை, வினையோட சொந்த ஹம்ஸா. 'அர்ஸல', 'அன்ஸல' ரெண்டுலயும் பார்த்தோமே, அதே வார்ப்பு. அடிச்சொல் 'அஸ்கா', குடிக்கக் கொடுத்தான். வேர் ஸீன், காஃப், யா. 'னா' சேரும்போது கடைசி நெடில் அலிஃப், யாவா மாறி ஸுகூன் வாங்கி 'அஸ்கைனா' ஆகுது. புகட்டினோம்.

இந்த ஸுகூனை நல்லாக் கவனிக்கணும், ஏன்னா இறந்தகால வினையில 'னா' ரெண்டு வேஷம் போடும். 'நாம்'னும் வரும், 'எங்களை'ன்னும் வரும். சூரா அந்நஹ்ல் 36-ல 'பஅஸ்னா', ஸாவுக்கு ஸுகூன்: நாம் அனுப்பினோம். யாஸீன் 52-ல 'மன் பஅஸனா', ஸாவுக்கு ஃபத்ஹு: எங்களை எழுப்பியது யார்? ஒரு குறிதான் வித்தியாசம், செய்தவரும் செய்யப்பட்டவரும் இடம் மாறிடுறாங்க. உங்க சொல்லுல யாவுக்கு ஸுகூன், அதனால 'நாம்'. 'எங்களுக்குப் புகட்டினான்'னா 'அஸ்கானா'ன்னு வந்திருக்கும்.

'னா'வுக்கு அப்புறம்தான் தமிழ்ல இல்லாத சமாச்சாரம். தமிழ் வினை யார் செஞ்சாங்கன்னு மட்டும் வால்ல சொல்லும். அரபி வினை யாருக்கு, எதைங்கிறதையும் இழுத்து ஒட்டிக்கும். 'அஸ்கா' ரெண்டு மஃப்ஊல் கேக்கிற வினை: குடிக்கிறவர் ஒண்ணு, குடிக்கிற பொருள் ஒண்ணு. அதனால 'கும்' உங்களுக்கு, 'ஹு' அதை. முதல்ல செய்தவர் வினையை ஒட்டி நிப்பார். அதுக்குப் பின்னாடி முன்னிலை, அதுக்கும் பின்னாடி படர்க்கை. இந்த வரிசையை மனசுல வச்சா சங்கிலி சிக்காது.

அப்ப நடுவுல இருக்கிற 'ஊ' என்ன? நிறையப் பேர் இதை 'அவர்கள்'ங்கிற பன்மை வாவ்னு எடுத்துட்டு, 'அவர்கள் உங்களுக்கு'ன்னு பொருள் போட்டு மாட்டிக்கிறாங்க. அதுக்குத் தனிப் பொருளே கிடையாது. 'கும்' தனியா முடிஞ்சா மீமுக்கு ஸுகூன். பின்னாடி 'ஹு' மாதிரி இன்னொரு ளமீர் ஒட்டினா மீம் 'மூ'ன்னு நீளும், அவ்வளவுதான். சூரா ஹூத் 28-ல 'அனுல்ஸிமுகுமூஹா'ன்னு வருது, அங்கயும் இதே 'மூ'தான். ஆனா அங்க தலையில இருக்கிற 'அ' கேள்வி, 'நு'தான் நாம்: 'அதை உங்க மேல நாங்க கட்டாயப்படுத்துவோமா?' அது நிகழ்கால வினை, அதனால 'நாம்' வால்ல இல்லாம முன்னாடி போயிடுச்சு.

ஆக ஃப, அஸ்கை, னா, கும், ஹு. அஞ்சு துண்டு. பிரிச்சாச்சுன்னு விட்டுடாதீங்க, 'ஹு' யாரைச் சுட்டுதுன்னு பார்க்கணும். ஆண்பால் ஒருமை. காற்றுகள், 'ரியாஹ்', பன்மை. அதைச் சுட்டினா 'ஹா' வந்திருக்கும். பக்கத்துல இருக்கிற ஆண்பால் 'மாஅ', தண்ணீர். குடிக்கிற பொருளும் அதுதானே.

ஓதுறப்பவும் ஒரு விஷயம். முஸ்ஹஃபுல இந்த 'னா'வோட அலிஃப் முழு அலிஃபா இருக்காது, நூனுக்கு மேல சின்ன அலிஃபா நிக்கும். அதைக் கவனிக்காம குறிலா 'அஸ்கைனகுமூஹு'ன்னு ஓதிட்டா 'ன' பெண்பால் பன்மை ஆயிடும், 'அவை உங்களுக்குப் புகட்டின'ன்னு அர்த்தம் வரும். முன்னாடி காற்றுகள் வேற இருக்கிறதால, கேக்கிறவங்களுக்குத் தப்புன்னே தோணாது. ரெண்டு ஹரகத் நீட்டணும்.

கடைசியா, தலையில 'வ', 'ஃப' கண்டதும் வெட்டிடலாமான்னா, கூடாது. 'வஜத்னா'ல 'வ' வேர் எழுத்து, கண்டோம்னு பொருள். வெட்டினபிறகு மிச்சத்துல வேர் மூணு எழுத்து தேறுதான்னு பாருங்க. ஆனா இதுவும் எப்பவும் கைகொடுக்காது. தினமும் கேக்கிற துஆவுல 'வகினா அதாபன் னார்' வருதே, அதுல 'வ' இணைப்புச் சொல்தான், 'னா' எங்களை. நடுவுல மிஞ்சுறது 'கி'ன்னு ஒரே எழுத்து, 'காப்பாற்று'. வேர் வாவ், காஃப், யா. ஏவல்ல முதலும் கடைசியும் உதிர்ந்து போச்சு.