காதுல டியூப், ஜவ்வுல ஓட்டை: நீச்சல் குளத்துல இறங்கலாமா?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு கிராமெட், பக்கத்தில் ஒரு அரிசி]

இந்த அரிசிக்குப் பக்கத்துல இருக்கறதுதான் கிராமெட்ங்கற டியூப். நடுவுல இருக்கற துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். காதுக்குள்ள நீர் கோத்து சரியா கேட்காம இருக்கற குழந்தைங்களுக்கு, காது ஜவ்வுல சின்னதா கீறி, இதைச் சொருகி வைப்பாங்க. நடுக்காதுக்குக் காத்துப் போக ஒரு வழி, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம், சில பேருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு தானாவே வெளிய வந்துடும்.

இன்னொரு பக்கம், ஜவ்வுலயே ஓட்டை விழுந்தவங்க. அறை வாங்கினது, பட்ஸ் குத்தினது, வருஷக்கணக்கா சீழ் வடிஞ்சது, இப்படிக் காரணம் எதுவா வேணா இருக்கலாம்.

ரெண்டு பேர்கிட்டயும் வீட்டுல சொல்றது ஒரே வார்த்தை: "காதுல தண்ணி படக்கூடாது." ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒருத்தர் பெரும்பாலும் தாராளமா நீந்தலாம். இன்னொருத்தர் டாக்டர் காதைப் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் குளத்துல இறங்கவே கூடாது. ஏன்னு பார்ப்போம்.

[திரையில்: காதின் குறுக்குவெட்டு. வெளிக்காது, ஜவ்வு, நடுக்காது, அங்கிருந்து தொண்டைக்குப் போகும் குழாய்]

ஆறு வயசுப் பொண்ணு ஒருத்தி. ரெண்டு காதுலயும் கிராமெட் வெச்சு ஒரு மாசம் ஆச்சு, சீழ் எதுவும் வரல. கோடை லீவுல நீச்சல் கிளாஸ் சேரணுமாம். அம்மாவுக்கு பயம்.

பயப்பட வேண்டியது குறைவு. கிராமெட் பெரும்பாலும் தண்ணி ஒட்டாத பிளாஸ்டிக்கோ சிலிகானோதான். துளையும் ரொம்பச் சின்னது. தண்ணி அந்த வாயில வந்து நிக்குமே தவிர, தள்ளறதுக்கு அழுத்தம் இல்லாம உள்ள நுழையாது. போதாக்குறைக்கு நடுக்காதுக்குள்ள இருக்கற காத்தும் எதிர்த்து நிக்கும். அதனால தண்ணி மட்டத்துல கை கால் அடிச்சு நீந்தறப்ப அநேகமா உள்ள போகாது.

2005-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, கிராமெட் வெச்ச சுமார் 200 குழந்தைங்களை ஒரு வருஷம் கவனிச்சாங்க. தண்ணியில இறங்கறப்ப இயர்பிளக் போட்டவங்கள்ல 47 சதவீதத்துக்கு ஒரு தடவையாவது காது வடிஞ்சது. போடாதவங்கள்ல 56 சதவீதம். பிளக் போட்டா பலன் இருக்கு, ஆனா பெருசா இல்ல. கணக்குப் போட்டா, ஒரே ஒரு தடவை வடியறதைத் தடுக்க ஒரு குழந்தை மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா விடாம பிளக் போடணும். அதான், அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2013-ல சொல்லி, 2022-லயும் அதையே திரும்பச் சொன்னாங்க: கிராமெட் வெச்ச எல்லாக் குழந்தைக்கும் வழக்கமா பிளக் போடச் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷன் முடிஞ்ச உடனே இறங்கலாம்னு அர்த்தம் இல்ல. பொதுவா ரெண்டு வாரமாவது பொறுக்கச் சொல்வாங்க. உங்க டாக்டர் அதுக்கு மேல சொன்னா அவர் சொல்றதுதான்.

[திரையில்: சீயக்காய்த் தண்ணி உள்ள சொம்பு]

நீச்சல் கிளாஸை விட நான் கவலைப்படறது இந்தச் சொம்பைப் பத்தி. தண்ணியைத் துளை வாயிலயே நிறுத்தறது அதோட பரப்பு இழுவிசை; சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாமே அதைக் குறைச்சுடும். நுரை வருதுன்னாலே அதான் விஷயம். வாயிலயே நின்ன தண்ணி இப்ப அந்த ஒரு மில்லிமீட்டர் துளைக்குள்ள சுலபமா வழிஞ்சு போயிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்னா தலை தேய்க்கறப்ப மட்டும் வாஸ்லின் தடவின பஞ்சை காது வாயில வைங்க, குளிச்சு முடிஞ்சதும் எடுத்துடுங்க. காதுக்குள்ள எண்ணெய் விடறது கூடவே கூடாது.

அவளுக்கு வேற எப்ப பிளக் தேவைப்படும்? தண்ணிக்கடியில போயிட வாய்ப்பு இருக்கறப்ப. ஒரு மீட்டர் ஆழம் போனா, வளிமண்டல அழுத்தத்துல பத்துல ஒரு பங்கு கூடுது. கிராமெட் வாயில நின்ன தண்ணியைத் தள்ள அது போதும். ஆனா பிளக்கை நம்பி முங்கக் கூடாது, அழுத்தம் பிளக்கையும் தள்ளும். டைவ் அடிக்கறது, மேல இருந்து குதிக்கறது, அடியில இருந்து காசு எடுக்கற விளையாட்டு எல்லாம் கிராமெட் விழற வரைக்கும் வேண்டாம். ஆறு, குளம், கிணத்துல இறங்கறதா இருந்தாலும், ஏற்கனவே அடிக்கடி காது வடியற குழந்தையா இருந்தாலும், தண்ணி பட்டாலே வலிக்குதுன்னாலும் பிளக் போடுங்க.

[திரையில்: ஓட்டை விழுந்த ஜவ்வின் படம்]

இப்ப அந்தப் பொண்ணோட மாமா. முப்பது வயசு, சின்ன வயசுல காது வடிஞ்சு வடிஞ்சு ஜவ்வுல ஓட்டை. நாலஞ்சு மில்லிமீட்டர் இருக்கும். இந்த அளவுல பரப்பு இழுவிசையை நம்ப முடியாது. தண்ணி நேரா நடுக்காதுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கும் இறங்கும். குளிச்சுட்டு வந்ததும் தொண்டையில குளோரின் ருசி தெரியுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. அது ஓட்டை வழியா வந்த தண்ணி.

சீழ் மட்டும் இல்ல, இதைவிட அவசரமான ஆபத்து தலைசுத்தல். குளிர்ந்த தண்ணி நடுக்காதுல பட்டா, உள்காதுல இருக்கற சமநிலை உறுப்பு ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து போகும். தலை சுத்தறதா மூளைக்குத் தப்பா தகவல் போகும். ஆழமான இடத்துல இப்படி வந்தா எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னே தெரியாது. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும் இது ஆபத்து. வந்துட்டா விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு அசையாம ஒரே இடத்தைப் பாருங்க. சில நிமிஷத்துல அடங்கும். அன்னிக்கு நீச்சல் முடிஞ்சுது.

அதனால மாமாவுக்கு என் பதில்: முதல்ல ஓட்டையைப் பாருங்க. அடிபட்டுப் புதுசா வந்ததுன்னா பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்துல தானா மூடிடும், அதுவரைக்கும் காது நனையாம பார்த்துக்கங்க. பழைய ஓட்டைன்னா, ஜவ்வு ஒட்டற ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. அதெல்லாம் இல்லாம நீந்தியே ஆகணும்னா, டாக்டர் சம்மதிச்சா, காது காஞ்சு இருக்கறப்ப மட்டும், நல்லாப் பொருந்தற பிளக்கோட, தலையைத் தண்ணிக்கு மேலயே வெச்சுக்கிட்டு, நிக்கக்கூடிய ஆழத்துல. முங்கறதும் ஸ்கூபாவும் இவருக்கு இல்லவே இல்ல.

[திரையில்: மூணு வகை பிளக், வரிசையா]

சரி, பிளக் வாங்கப் போறோம். மருந்துக்கடையில மஞ்சளா, பஞ்சு மாதிரி அமுங்கறது கிடைக்கும். அது சத்தத்துக்கானது. தண்ணியை உறிஞ்சிக்கிட்டு காதுக்குள்ளயே ஈரமா உட்கார்ந்துக்கும். வேண்டாம்.

அடுத்து, வளையம் வளையமா அடுக்கின சிலிகான் பிளக். காதுக்குள்ள போற வகை. பெரியவங்களுக்கு அளவு பார்த்து வாங்கினா சரி. குழந்தைங்க காதுக்குழாய் குறுகல், ஆழமா தள்ளிட வாய்ப்பு அதிகம்.

அந்தப் பொண்ணுக்கு நான் சொல்றது பிசைஞ்சு வைக்கற சிலிகான். இது காதுக்குள்ள போகாது, காது வாயை மேல இருந்து மூடி மாதிரி மூடும். நிதானமா பாருங்க.

[திரையில்: கைகள், காது, அருகில் இருந்து]

காதும் கையும் காஞ்சு இருக்கணும், எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. முடியைப் பின்னால கட்டிடுங்க. ஒரு துண்டை முழுசா எடுத்து, கை சூட்டுல ஒரு நிமிஷம் உருட்டி மெத்துன்னு ஆக்குங்க. பெருசா இருக்கேன்னு பாதியா பிச்சுடாதீங்க, சின்னத் துண்டு குழாய்க்குள்ள போய் மாட்டிக்கும். கிராமெட்டோ ஓட்டையோ இருக்கற காதுல அது ஜவ்வையும் தாண்டிப் போய்ட்டா எடுக்க டாக்டர்தான் வேணும். பெரியவங்க துண்டு பொருந்தலன்னா குழந்தைங்களுக்குன்னு விக்கறதை வாங்குங்க.

இப்ப மறு கையால காது மடலை மேல, பின்னால இழுங்க. உருண்டையைக் காது வாயில வெச்சு, நடுவுல குத்தாம, விளிம்பைச் சுத்தி கட்டை விரலால பரப்பி தோலோட ஒட்டுங்க. மடலை விடுங்க. மடலுக்கும் சிலிகானுக்கும் நடுவுல இடுக்கு தெரியக்கூடாது, முடி ஒண்ணு சிக்கினாலும் அந்த வழியா தண்ணி வந்துடும்.

பொருந்திச்சான்னு பார்க்க, "ம்ம்ம்"னு முனகச் சொல்லுங்க. மூடின காதுல தன் குரல் கனமா, உள்ளயே கேட்கும். ஒரு பக்கம் அப்படிக் கேட்கலன்னா அங்க மறுபடியும் ஒட்டுங்க. குளத்துக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு சோதனை. பிளக்கோட தலையில சுத்தத் தண்ணி ஊத்தி, துடைச்சு, பிளக்கை எடுத்து, டிஷ்யூ நுனியைக் காது வாயில மட்டும் வெச்சுப் பாருங்க. நனைஞ்சா ஒழுகுது.

பிளக் மேல நியோபிரீன் தலைப்பட்டையோ நீச்சல் தொப்பியோ காதை மூடற மாதிரி போட்டா, கை காலடிக்கறப்ப கழலாது. பட்டை மட்டும் போட்டா போதாது, அது தண்ணியைத் தடுக்காது.

எடுக்கறப்ப அவசரப்படாதீங்க. விளிம்புல ஒரு பக்கம் தூக்கி காத்து நுழைய விட்டு, அப்புறம் மெதுவா எடுங்க. சட்டுன்னு பிடுங்கினா உள்ள உறிஞ்சி வலிக்கும். ஒட்டற தன்மை போய்ட்டா, முடி தூசி சேர்ந்துட்டா, தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க.

[திரையில்: அச்சு எடுக்கும் காட்சி]

இதெல்லாம் நிக்கலன்னா, கேட்பியல் நிபுணர்கிட்ட காது அச்சு எடுத்துச் செய்யற பிளக் இருக்கு. விலை அதிகம், குழந்தை வளர வளர மாத்தணும். மாமா மாதிரி ஆளுக்கு இது ஏத்தது. ஆனா அச்சு எடுக்கறவர்கிட்ட ஓட்டை இருக்குன்னு முதல்லயே சொல்லிடணும். அந்தப் பசை உள்ள போகாம, நூல் கட்டின ஒரு சின்ன பஞ்சுத் தடுப்பை முன்னாடியே வைப்பாங்க. அது வைக்காம ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்லுங்க.

[திரையில்: சொட்டு மருந்து பாட்டில்]

நீந்தறப்ப திடீர்னு சத்தம் தெளிவாக் கேட்டாலோ, களகளன்னு ஏதாவது உருண்டாலோ பிளக் கழண்டிருக்கு. ஏறி வந்து, தலையைச் சாய்ச்சு, வெளியில மட்டும் துடைங்க. அடுத்த ரெண்டு மூணு நாள்ல மஞ்சளா வடிஞ்சாலோ நாத்தம் வந்தாலோ, பிளக்கும் வேண்டாம், நீச்சலும் வேண்டாம், டாக்டரைப் பாருங்க. வீட்டுல பழைய பாட்டில் இருக்கேன்னு சொட்டு விட்டுடாதீங்க. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்து ஓட்டை வழியா உள்காதைப் பாதிச்சு கேட்கறதையே கெடுக்கலாம். குளத்துல இருந்து வந்ததும் விடற ஆல்கஹால், வினிகர் சொட்டுகளும் இந்தக் காதுக்கு ஆகாது. டாக்டர் பெரும்பாலும் எழுதித் தர்றது சிப்ரோஃபிளாக்சசின் அல்லது ஆஃப்லாக்சசின் சொட்டு. கடையில வாங்கறப்ப பேரைப் படிச்சுட்டு வாங்குங்க.