ரிப்போர்ட்டில் ‘அசாதாரண செல்கள்’ என்று வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். போன மழைக்காலத்தில் என் அறைக்கு ஒரு பெண் வந்தார். 42 வயது, பூக்கட்டி விற்பவர். உட்கார்ந்ததும் ஒன்றும் பேசவில்லை, பையைத் திறந்து ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்தார், அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் செய்யும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் ரிப்போர்ட். தேதியைப் பார்த்தால் எட்டு மாதம் ஆகியிருக்கிறது. எட்டு மாதமாக அதை எந்த டாக்டரிடமும் அவர் காட்டவில்லை. பக்கத்து வீட்டில் படித்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டு “செல் ஏதோ சரியில்லைன்னு போட்டிருக்கு அக்கா” என்று சொல்லியிருக்கிறாள். செல் சரியில்லை என்றால் புற்றுநோய்தான் என்று இவராகவே முடிவு செய்துவிட்டார். மகள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தவர்தான்.

நான் மகளிர் நோய் மருத்துவர், இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தாள்களோடுதான் என் பாதி நாள் போகிறது. அதனால் இன்று அந்த ஒரு தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ‘அசாதாரண செல்கள்’ என்று அது சொன்னால் என்ன அர்த்தம், அதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும்.

முதலில், அந்தப் பரிசோதனையில் என்ன செய்கிறோம்? கர்ப்பப்பை வாயின் மேல்பரப்பை ஒரு சின்ன பிரஷ் வைத்து லேசாகச் சுரண்டி, உதிரும் செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவியோ திரவத்தில் போட்டோ அனுப்புகிறோம். அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி, அந்தத் தூளைப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று சொல்வது மாதிரி. ஈரம் இருக்கிறது என்று தூளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஈரம் பூச்சோடு நிற்கிறதா, செங்கல் வரைக்கும் போயிருக்கிறதா என்று தூளை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குச் சுவரைப் பார்க்க வேண்டும். பாப் ஸ்மியர் தூளைப் பார்க்கிற பரிசோதனை. இதை நான் இன்னொரு முறையும் சொல்வேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சரி, தாளில் என்ன எழுதியிருக்கும்? சிலருக்கு ‘இன்ஃப்ளமேஷன்’ என்று மட்டும் இருக்கும். அது வெறும் அழற்சி, இன்று நான் பேசுகிற விஷயமே அது இல்லை. அசாதாரணம் என்று வருவதில் அதிகமாகப் பார்ப்பது ஆஸ்கஸ். செல் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று லேப் டாக்டரே சொல்கிற வார்த்தை அது. கிருமித் தொற்றினால் வரலாம், மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் தோல் மெலிந்துபோவதால்கூட வரலாம். அதற்கு அடுத்து எல்சில், லேசான மாற்றம். அதற்கு மேலே எச்-சில், அதாவது தீவிரமான மாற்றம். எச்-சிலும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு மூலம் வருவது. இதைச் சொன்னதும் என் அறையில் ஒரு அமைதி விழும், அடுத்து ஒரு கேள்வி வரும், இல்லையென்றால் கேள்வி கண்ணிலேயே தெரியும்: “அப்படின்னா அவர் வேற எங்கேயோ...” இல்லை அம்மா, அப்படிச் சொல்ல முடியாது. மண வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் எப்போதாவது ஒருமுறை இந்த வைரஸ் வந்து போயிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இந்தத் தாளைக் காரணமாக வைத்து ஒரு குடும்பத்தில் சண்டை வந்து, அந்தச் சண்டையில் சிகிச்சையே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நேரம் இதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்கஸ் என்றால் அடுத்து எச்.பி.வி. பரிசோதனை செய்யலாம். வைரஸ் இல்லையென்றால் பெரும்பாலும் கவலை இல்லை, மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். வைரஸ் இருந்தாலோ, எல்சில், எச்-சில் என்று வந்தாலோ பொதுவாக அடுத்த படி கால்போஸ்கோபி. அதாவது, சுவரைப் பார்ப்பது.

பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், என்டோஸ்கோபி மாதிரி எதையோ உள்ளே விடுவார்கள் என்று. கால்போஸ்கோப் உடம்புக்குள் வருவதே இல்லை. ஸ்டாண்டில் நிற்கிற ஒரு பூதக்கண்ணாடி, ஓர் அடி தள்ளி நின்று பார்க்கும். உள்ளே வைப்பது, பாப் ஸ்மியருக்கு வைத்த, பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கிற அதே ஸ்பெகுலம்தான். கர்ப்பப்பை வாயில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவுவோம், சமையலறை வினிகரின் தன்மைதான், கொஞ்சம் எரியும். பிறகு ஒரு நிமிடம் காத்திருப்போம். நல்ல தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறிய செல்களில் புரதமும் உட்கருவும் நெருக்கமாக இருப்பதால், வினிகர் பட்டதும் வெளுத்துப்போகும். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. லேசான மாற்றம் என்றால் மெல்லிய வெள்ளை, சீக்கிரம் மறைந்துவிடும். தீவிரமான மாற்றம் சுண்ணாம்பு பூசியது போலக் கெட்டியாக, ஓரம் வெட்டினாற்போல நிற்கும். அடுத்தது அயோடின். நல்ல செல்லில் கிளைகோஜன் இருப்பதால் அயோடின் பட்டால் கரும்பழுப்பாகும், மாறிய செல்லில் அது குறைவு, கடுகு மஞ்சளாகவே நின்றுவிடும். இதையெல்லாம் மானிட்டரில் காட்டினால், அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்களே எட்டிப் பார்ப்பார்கள்.

பூக்கட்டும் அம்மாவின் தாளில் எச்-சில் என்று இருந்தது. வினிகர் வைத்ததும் கர்ப்பப்பை வாயின் மேல் உதட்டில் கெட்டியாக ஒரு வெள்ளைத் திட்டு. அந்த இடத்தில் பயாப்சி எடுத்தேன், அரிசி மணி அளவு இரண்டு துண்டு. கிள்ளியது போல இருந்தது என்றார். ரத்தம் நிற்க ஒரு மருந்து தடவுவோம், அதனால் இரண்டு மூன்று நாள் காபித்தூள் மாதிரி கறுப்பாக வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், சொல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு போன் வரும்.

தூளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் சொன்னேனே, பயாப்சிதான் சுவர். அதன் முடிவு சின் 1, சின் 2, சின் 3 என்று வரும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் மூன்று படிகள் அவை. சின் 1 பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், அதை உடனே வெட்டக் கூடாது, ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டும். சின் 2 இடைப்பட்டது. இன்னும் குழந்தை பெற வேண்டிய இளம் பெண்ணுக்கு சில சமயம் நெருக்கமாகக் கவனித்துக் காத்திருப்போம். சின் 3-ஐ விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும், அது ஒரு வேதனையான வழியில் தெரிந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 1960களிலும் 70களிலும் ஒரு மருத்துவமனையில் சின் 3 இருந்த பெண்கள் பலருக்குச் சரியான சிகிச்சை தராமல், அவர்களுக்கும் சொல்லாமல், என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அது பெரிய விசாரணையானது. அந்தப் பெண்களின் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது, போதிய சிகிச்சை இல்லாதவர்களில் நூற்றுக்கு சுமார் 30 பேருக்கு முப்பது வருடத்தில் புற்றுநோய் வந்திருந்தது. சரியாகச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் நான் எல்லோருக்கும் சொல்வேன். முப்பது வருடம் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை, முப்பது பேர் என்பதால் கவரில் மடித்தும் வைக்கக் கூடாது.

அந்த அம்மாவுக்கு சின் 3. லீப் செய்தோம். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, மாறிய பகுதியை மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் போல வெட்டி எடுப்பது. கால் மணி நேரம், அன்றே வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் உடலுறவு வேண்டாம், குடம் தூக்க வேண்டாம், மாதவிடாயைவிட அதிகமாக ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். வெட்டி எடுத்ததையும் லேபுக்கு அனுப்பி, ஓரத்தில் மாறிய செல் மிச்சம் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். சின்ன திட்டு, முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வெட்டாமலே குளிரவைத்தோ சூடு வைத்தோ அழித்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்களே வினிகர் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அந்த வருகையிலேயே குளிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தப் பகுதிப் பெண்களிடம் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது.

இப்போது என் நெடுநாள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். “செல் சரியில்லை, குழந்தை பெற்றாகிவிட்டது, எதற்கு வம்பு, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்.” இந்த வாக்கியத்தை எத்தனை பெண்கள் கேட்டிருக்கிறார்கள்! வெறும் பாப் ஸ்மியர் தாளை மட்டும் வைத்து கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது. தேவையில்லாத ஆபரேஷன் என்பது ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. 38 வயதுப் பெண் ஒருவருக்கு எங்கோ அப்படி எடுத்துவிட்டு, எடுத்த கர்ப்பப்பையை லேபில் பார்த்தால் அதன் வாயில் புற்றுநோய் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. இறங்கிய புற்றுநோய்க்கு ஆபரேஷனே வேறு. கர்ப்பப்பையின் பக்கத்துத் திசு, பிறப்புறுப்பின் மேல்பகுதி, நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டும். சாதாரணமாக எடுத்த பிறகு அதைச் செய்வது மிகவும் கஷ்டம், அந்தப் பெண் வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்கு அலைந்தார். முதலில் ஒரு பயாப்சி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், அரிசி மணி அளவு. அதனால் யாராவது எடுத்துவிடலாம் என்று சொன்னால் இதை மட்டும் கேளுங்கள்: “டாக்டர், கால்போஸ்கோபி செய்தாயிற்றா, பயாப்சியில் என்ன வந்தது?” பதில் இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். கர்ப்பமாக இருக்கும்போது ரிப்போர்ட் இப்படி வந்தால், கால்போஸ்கோபி தாராளமாகச் செய்யலாம், புற்றுநோய் இல்லை என்று உறுதியானால் சிகிச்சையைப் பிரசவம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த மாற்றங்கள் வேகமாகப் போகும், அவர்கள் இடைவெளியைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எச்.பி.வி. பரிசோதனை அவசியம். அந்த அம்மாவுக்கு ஆறாம் மாதம் பார்த்தோம், வைரஸ் இல்லை, அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், அப்புறமும் பல வருடம் வர வேண்டும். கடைசியாக ஒன்று, இது தாளில் இருக்காது: உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி பட்டாலோ, போன மாதம் எடுத்த பாப் ஸ்மியர் நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், தூளில் தெரியாதது சுவரில் இருக்கலாம். நன்றி, வணக்கம்.